சிறுகதை: "கணக்குல விழாத பால்", படிச்சுட்டு முடிவு சரியான்னு சொல்லுங்க

நிழல்மரம்

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு கதைய எழுதி முடிச்சிருக்கேன். முடிவுதான் சரியா வந்திருக்கான்னு தெரியல. டீக்கடை பத்தி தெரிஞ்சவங்க இருந்தா தப்பு இருக்கிற இடத்த சொல்லுங்க, திருத்திக்கிறேன். கதை கீழ.

---

சுப்பையா தினமும் ராத்திரி கடைய சாத்துறதுக்கு முன்னாடி நோட்டு எழுதுவாரு. பால் கவர் எத்தனை பிரிச்சோம், சக்கரை டப்பா காலையில எவ்வளவு இருந்துச்சு இப்ப எவ்வளவு இருக்கு, தூள் எவ்வளவு போச்சு, கல்லாவுல எவ்வளவு. கல்லாப் பணத்த ஒரு டீ விலையால வகுத்தா எத்தனை டீ வித்துச்சுன்னு வந்துரும். கடையில டீய தவிர வேற எதுவும் கிடையாது, அதனால கணக்கு ஒரே கோடாத்தான் போகும்.

அவரோட அளவு அவருக்கு மனப்பாடம். ஒரு டீக்கு 60 மில்லி பால், 30 மில்லி டிகாஷன், சமமா வழிச்ச கரண்டியில ரெண்டு கரண்டி சக்கரை, அதாவது 8 கிராம். 15 லிட்டர் பால் பிரிச்சா 250 டீ வரணும். 2 கிலோ சக்கரை போனாலும் அதே 250 டீதான்.

அன்னைக்கு அரை லிட்டர் கவர் முப்பது பிரிச்சிருந்துச்சு. சக்கரை 2 கிலோ குறைஞ்சிருந்துச்சு. கல்லா 205 டீன்னு சொல்லுச்சு.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். டீத்தூள் மட்டும் 520 கிராம், ஒரு டீக்கு ரெண்டரை கிராம்னு வெச்சா 208 டீ, கல்லாவோட ஒட்டிப் போச்சு. பாலும் சக்கரையும் மட்டும் நாப்பத்தஞ்சு டீக்கு கூடுதலா போயிட்டு இருந்துச்சு.

கடையில இருக்கிறது ரெண்டே பேரு. கல்லாவுல சுப்பையா, அடுப்புல வேலு. வேலுவுக்கு பத்தொம்பது வயசு. அப்பா இல்ல, வீட்ல அம்மாவும் சின்ன தங்கச்சியும். சுப்பையா அவன்கிட்ட எதுவும் கேக்கல. ஆனா அன்னைலேர்ந்து அவன் கையையே பாக்க ஆரம்பிச்சாரு. அவன் பால் சட்டிய தொட்டா பாத்தாரு, சக்கரை டப்பாவ மூடினா பாத்தாரு. வேலுவுக்கும் புரிஞ்சுது. பேச்ச குறைச்சுக்கிட்டான்.

ஒரு ராத்திரி கடைய சாத்திட்டு போற மாதிரி போயி, சுப்பையா திரும்பி வந்து எதிர்ல நின்னாரு. வேலு மிச்சப் பால ஒரு சின்ன தூக்குல ஊத்தி, ரெண்டு கரண்டி சக்கரை போட்டு, மூடி, சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனான். சுப்பையா பின்னாடியே போனாரு. சன்னல் வழியா பாத்தா அந்த தங்கச்சி தூக்க ரெண்டு கையால புடிச்சு குடிச்சிட்டு இருக்கா.

சுப்பையா திரும்பி வந்துட்டாரு. மறுநாள் காலையில வேலு வந்ததும், "தம்பி, இனிமே ராத்திரி தங்கச்சிக்கு பால நானே எடுத்து வெக்கிறேன்"ன்னு மட்டும் சொன்னாரு.

---

இவ்வளவுதான். கருத்து சொல்லுங்க.

கவிதா ரா

முடிவு படிக்கும்போது கண்ணு கலங்கிடுச்சுங்க. "வேலுவுக்கும் புரிஞ்சுது, பேச்ச குறைச்சுக்கிட்டான்" அந்த ஒரு வரி போதும், சந்தேகப்பட்ட ஒருத்தர் கூட வேலை செய்றவங்களுக்கு அந்த வலி தெரியும். எனக்கு முடிவு சரியாத்தான் படுது, மாத்தாதீங்க.

செல்வி அம்மா

தம்பி, உங்க கடையில இப்படி நடந்தா முதல்ல ஒரு கேமரா வைங்க, அடுப்புக்கு மேல வெச்சா கை தெளிவா தெரியும். நாங்க இருபது பேருக்கு மெஸ் நடத்துறோம், எங்களுக்கும் பால் இப்படித்தான் போச்சு. கடைசியில பாத்தா யாரும் எடுக்கல, ராத்திரி ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடாம பால் திரிஞ்சு போயி, வேலைக்கு வர்ற பொண்ணு பயந்துகிட்டு கொட்டிட்டு இருந்திருக்கு. திரிஞ்ச பால கொட்டினா எழுதி வைன்னு ஒரு நோட்டு போட்டோம், அதுக்கப்புறம் கணக்கு நேராச்சு. அந்த பையன திட்டாதீங்க.

நிழல்மரம்

அம்மா, இது கதைங்க, என் கடை இல்ல. ஆனா நீங்க சொன்னது நல்ல விஷயம், பயத்துல கொட்டுறதுங்கிறது எனக்கு தோணவே இல்ல.

பாய்லர்

நான் ரொம்ப வருஷமா டீ மாஸ்டரா இருந்து அப்புறம் சொந்தமா கடை போட்டவன். கதை நல்லா எழுதியிருக்கீங்க, அடுப்புப் பக்கம் நின்னு பாத்தவங்க எழுதின மாதிரி இருக்கு. அதனாலதான் முடிவு எனக்கு உறுத்துது, நேரா சொல்லிடுறேன்.

நீங்க குடுத்த கணக்குல ஒரு நாளைக்கு குறையுறது எவ்வளவுன்னு பாருங்க. 45 டீக்கான பால், அதாவது 2.7 லிட்டர். சக்கரை 360 கிராம். ஒரு சின்னப் பொண்ணுக்கு ராத்திரி ஒரு தூக்கு பால், தாராளமா வெச்சாலும் கால் லிட்டர். அதுக்கு ரெண்டு கரண்டி சக்கரைன்னா 8 கிராம். அத கழிச்சதுக்கு அப்புறமும் கிட்டத்தட்ட ரெண்டரை லிட்டர் பாலும் 350 கிராம் சக்கரையும் அப்படியே நிக்குது. அது எங்க போச்சுன்னு கதை சொல்லவே இல்ல. சுப்பையா மறுநாளும் நோட்டு எழுதுவாருல்ல, பொண்ணுக்கு குடுத்த பால கழிச்சு எழுதினாலும் அதே ஓட்டை இருக்கும். அப்ப திரும்ப வேலு கையத்தான் பாப்பாரு. நீங்க குடுத்த முடிவுல அந்தப் பையன் தப்பிக்கல.

இன்னொன்னு. 2.7 லிட்டருக்கு 360 கிராம்னா லிட்டருக்கு 133 கிராம் சக்கரை. உங்க டீயிலயும் 60 மில்லிக்கு 8 கிராம், லிட்டருக்கு அதே 133. காணாம போன பாலும் சக்கரையும் டீயில போற அதே விகிதத்துல போயிருக்கு. யாராவது பால தூக்கிட்டுப் போனா பால் நிறைய, சக்கரை கொஞ்சமா போகும். கொட்டிப் போனா பால் மட்டும் போகும், சக்கரை நிக்கும். எறும்போ ஈரமோன்னா சக்கரை மட்டும் அடிபடும். ரெண்டும் கை கோத்து டீ விகிதத்துல போகுதுன்னா அது டம்ளர் வழியாத்தான் வெளிய போகுது, இதுதான் எனக்கு முதல்ல தோணுறது.

எண்சுவடி

பாய்லர் அண்ணே சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கிறேன், ஆனா ஆவிய விட்டுட்டீங்களே. பால் காலையிலேர்ந்து அடுப்புல நிக்குது, மெல்ல கொதிச்சிட்டே இருந்தா தண்ணி ஆவியாப் போகும், அதுவும் வாயகன்ற சட்டியில. நான் வீட்ல ஒரு தடவ பால மறந்து சிம்ல விட்டுட்டேன், திரும்பி வந்து பாத்தா நல்லா கீழ இறங்கியிருந்துச்சு. ஒரு நாள் பூரா நின்னா 2.7 லிட்டர் போறது ஒன்னும் அதிசயம் இல்ல. திருட்டே கிடையாது, வெறும் ஆவி, கதைக்கு இதுவே நல்ல முடிவு.

பாய்லர்

ஆவி உண்மைதான் தம்பி, அத நான் மறுக்கல. மதியம் ஆள் வராத நேரத்துல சட்டிய அடுப்புலயே கொதிக்க விட்டா மணிக்கு கால் லிட்டர் அரை லிட்டர் கூட போகும். அது நடந்தா கண்ணுலயே தெரியும், சட்டி ஓரத்துல ஏடு படிஞ்சு படிஞ்சு மஞ்சளா ஒட்டியிருக்கும், சாயங்கால டீ காலை டீய விட கெட்டியா இருக்கும். சந்தேகமா இருந்தா ஆள் வராத நேரம் தொடங்குறப்ப சட்டிய தராசுல வெச்சு எடை பாத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப பாத்தா முடிஞ்சுது.

ஆனா சக்கரை ஆவியாகாதுல்ல? 360 கிராம் சக்கரை எப்படி போச்சு? பால் மட்டும் குறைஞ்சு சக்கரை சரியா இருந்தா நான் முதல்ல அடுப்பத்தான் பாப்பேன். இங்க சக்கரையும் கூடவே போகுது. டீக்கடையில பால் பல வழியில போகும், பொங்கும், திரியும், ஆவியாகும், அளவு குறைஞ்சு வரும். சக்கரைக்கு அத்தனை வழி கிடையாது. அதனால நான் எப்பவும் சக்கரை டப்பாவத்தான் முதல்ல நம்புவேன்.

எண்சுவடி

சரி, சக்கரைய நான் யோசிக்கல. ஆனா ஒரு பகுதி ஆவியா இருக்கலாமே.

பாய்லர்

இருக்கலாம். அப்படி இருந்தா பால் குறையுறது சக்கரைய விட கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கணும். நிழல்மரம் குடுத்த எண்ணுல ரெண்டும் சமமா இருக்கு. இது கதைக்காக யோசிச்சுப் போட்ட எண்ணா இருந்தா இவ்வளவு நோண்ட வேண்டியதில்ல. எங்கேர்ந்து எடுத்தீங்க?

பழைய ரசீது

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் கடைகளுக்கு கணக்கு எழுதுற ஆளு. பாலும் சக்கரையும் டீ விகிதத்துல போகுதுன்னா ரொம்ப சாதாரண விளக்கம் ஒன்னு இருக்கு, 250 டீ நிஜமாவே வித்திருக்கு, 45 டீக்கான பணம் கல்லாவுக்கு வரல. பார்சல் வாங்குறவங்க, எதிர்க்கடைக்கு மொத்தமா போற டீ, மாசக் கடைசியில குடுக்குறேன்னு சொல்றவங்க, இவங்க பணமெல்லாம் கல்லாவ தொடாமயே போகலாம். சுப்பையா சாப்பிடப் போற நேரத்துல கல்லாவுல யாரு? கதையில அது இல்ல. எனக்கு சந்தேகம் பாலுல இல்ல, பணத்துல.

பாய்லர்

நீங்க சொல்றதுதான் நானும் அடுத்து பாப்பேன். ஆனா டீத்தூள் இடிக்குது. 250 டீ போட்டிருந்தா தூள் 625 கிராம் போயிருக்கணும். போனது 520. அது 208 டீக்குத்தான் வரும், கல்லாவும் 205ன்னு சொல்லுது. பணமும் தூளும் ஒரு பக்கம் நிக்குது, பாலும் சக்கரையும் இன்னொரு பக்கம் நிக்குது. பணத்த எடுக்குறவன் தூளையும் சேத்து குறைச்சு வைக்கணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு, பையில தூள மாத்தாம அதுலயே திரும்பத் திரும்ப சுடுதண்ணி ஊத்தி இழுக்குறது. நாலஞ்சு நாள் அப்படி ஓட்டினா டீ வெளுத்துப் போகும், தினம் வர்றவங்க "என்னப்பா மாஸ்டர், டீல ஒன்னும் இல்லையே"ன்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு வந்துச்சான்னு தெரியணும். தூள் நல்ல சாட்சிதான், ஆனா பை மாத்துற நேரத்தையும் சேத்து பாத்தாதான் அது சொல்றத நம்பலாம்.

பேப்பர் கப்பா இருந்தா இந்த தொல்லையே இல்ல, காலையில கட்டு எத்தனை ராத்திரி எத்தனைன்னு எண்ணினா எத்தனை டீ வெளிய போச்சுன்னு தெரிஞ்சுரும். கண்ணாடி டம்ளருக்கு அந்த எண்ணிக்கை கிடையாது, கழுவி கழுவி வருது.

நிழல்மரம்

எங்கேர்ந்து எடுத்தேன்னு கேட்டீங்க. இத கதையோட சொல்ல வேணாம்னு நெனச்சிருந்தேன், இப்ப சொல்லிடுறேன். இது என் மாமா முன்னாடி நடத்தின டீக்கடையோட பழைய நோட்டுல இருந்த எண்ணு. பேரு மட்டும் மாத்தியிருக்கேன். ஒரு மாசத்துக்கு மேல இப்படியே எழுதியிருக்காரு, சில நாள் கூடுது குறையுது, நான் போட்டது சராசரியா வர்றது. மாமா கடையில அடுப்புல இருந்த அண்ணன மாமா வேலைய விட்டு அனுப்பிட்டாரு. அவரு எடுத்தாருன்னு யாரும் பாக்கல. அவரு போனதுக்கு அப்புறமும் நோட்டுல அதே வித்தியாசம் இருக்கு, அத பாத்துதான் நான் இந்தக் கதைய எழுத ஆரம்பிச்சேன். தங்கச்சி, தூக்கு, சன்னல் எல்லாம் நான் சேத்தது. அந்த அண்ணன் நல்லவரா இருந்திருப்பாருன்னு காட்டணும்னு நெனச்சேன்.

டீ வெளுத்துப் போச்சான்னு மாமாகிட்ட கேக்குறேன்.

கவிதா ரா

ஐயோ, இது தெரியாம நான் முடிவ மாத்தாதீங்கன்னு சொல்லிட்டேனே. நிழல்மரம், ஒன்னு சொல்லட்டுமா, நீங்க அவர நல்லவரா காட்டணும்னுதான் எழுதினீங்க, ஆனா கதையில அவரு மறைச்சு எடுத்துட்டுப் போறாரு. காரணம் நல்லதா இருந்தாலும் எடுத்தவரு எடுத்தவருதான். நிஜத்துல எடுக்கவே இல்லன்னா அது அவருக்கு இன்னும் ஒரு அநியாயம் இல்லையா?

பாய்லர்

அவரு போனதுக்கு அப்புறமும் அதே வித்தியாசம்னா இது ஆள் இல்ல, பொருள். ஒன்னு கேளுங்க மாமாகிட்ட: இந்த வித்தியாசம் தொடங்குன சமயத்துல டம்ளர் மாத்தினாரா? கரண்டி மாத்தினாரா?

ஏன் கேக்குறேன்னா, டீ போடுறவன் கைய பாருங்க. டிகாஷன் குட்டி கரண்டியில அளந்து விழும், 30 மில்லின்னா 30தான். பால் அப்படி இல்ல, டம்ளர் வாய்க்கு ஒரு விரக்கடை கீழ வர்ற வரைக்கும் ஊத்துவோம். அதாவது பாலுக்கு அளவு டம்ளர்தான். டம்ளர் கொஞ்சம் பெருசானா கூடுதலா போறது முழுக்க பாலா போகும், டிகாஷன் கூடாது, தூளும் கூடாது. டீ கொஞ்சம் வெளுப்பா, இனிப்பு கம்மியா இருக்கும், நாலு பேரு "சக்கரை போடு மாஸ்டர்"ன்னு சொல்லுவாங்க, மாஸ்டர் கை தானா வழிச்ச கரண்டிய குமிச்ச கரண்டி ஆக்கிரும். பாலும் சக்கரையும் ஏறும், தூளும் பணமும் அசையாது. உங்க நோட்டுல இருக்கிற படம் அப்படியே இதுதான்.

கணக்கும் ஒத்து வருது. 15 லிட்டர 205 டீயால வகுத்தா ஒரு டீக்கு 73 மில்லி பால். 30 டிகாஷனோட 103. முன்னாடி 90. பதிமூணு மில்லிதான் வித்தியாசம், ரெண்டு மடக்கு கூட இல்ல, அளவு கூடினது குடிக்கிறவனுக்கே தெரியாது.

எண்சுவடி

பதிமூணு மில்லி பெருசான டம்ளர் கடையில கண்ணுக்கு தெரியாமயா போகும்? மாமா தினம் தொடுற டம்ளராச்சே.

பாய்லர்

தெரியாது தம்பி, நீங்களே எண்ணுல நல்லவரு, போட்டுப் பாருங்க. உள் அகலம் 5 சென்டிமீட்டர் இருந்தது 5.35 ஆச்சுன்னு வைங்க, மூணரை மில்லிமீட்டர். உயரம் அதே. கொள்ளளவு அகலத்தோட வர்க்கத்துல ஏறும்ல.

எண்சுவடி

1.07-ஓட வர்க்கம் 1.145. 90-ஐ அதால பெருக்குனா 103. அடேயப்பா, சரியா வருது. மூணரை மில்லிமீட்டர்ல நாளைக்கு 2.7 லிட்டர். கண்ணாடி மெலிசா ஆனாலே போதும், வெளிய பாக்க ரெண்டு டம்ளரும் ஒன்னு மாதிரியேதான் இருக்கும்.

செல்வி அம்மா

எங்க மெஸ்ல மோர் டம்ளர் மாத்தினப்ப தயிர் பத்தாம போச்சு, இப்பத்தான் புரியுது ஏன்னு. ஆனா தம்பி, டம்ளர் உடையும்போது கொஞ்சம் கொஞ்சமாத்தான மாத்துவாங்க, ஒரேயடியா மாத்த மாட்டாங்களே. அப்ப வித்தியாசமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான ஏறணும்?

பாய்லர்

அம்மா சொல்றது ரொம்ப சரியான கேள்வி. நிழல்மரம், நோட்டுல வித்தியாசம் ஒரே நாள்ல குதிச்சுதா, வாரக்கணக்குல ஏறுச்சா பாருங்க. அதுவே பாதி பதில் சொல்லிரும்.

நிழல்மரம்

மாமாகிட்ட பேசிட்டேன், நோட்டையும் திரும்ப பாத்தேன்.

டீ வெளுத்துப் போச்சுன்னு யாரும் சொன்னதா மாமாவுக்கு ஞாபகம் இல்ல, ஆனா "சக்கரை கம்மி"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு, அந்த அண்ணன் கஞ்சத்தனமா போடுறாருன்னு நெனச்சு ஒரு தடவ சத்தம் கூட போட்டிருக்காரு. டம்ளர் மாத்தினாராம். பழசெல்லாம் கீறல் விழுந்து போச்சுன்னு நாலு டஜன் ஒரேயடியா வாங்கினாராம். எந்த மாசம்னு அவருக்கு சொல்லத் தெரியல. நோட்டுல வித்தியாசம் ரெண்டு நாள்ல குதிச்சிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஏறல. அந்தப் பக்கத்துக்கு பக்கத்துல "டம்ளர்"னு செலவு எதுவும் எழுதல, ஆனா அவரு சாமான் செலவ நோட்டுல எழுதுற பழக்கம் இல்லையாம்.

அந்த புது டம்ளர்ல ஒன்னு அத்தை வீட்ல இன்னும் இருக்கு. மாமா கையாலயே தண்ணிய டீ ஊத்துற மாதிரி ஒரு விரக்கடை கீழ வரைக்கும் ஊத்தச் சொன்னேன், அப்புறம் ஊசி சிரிஞ்சால உறிஞ்சி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் 100-க்கும் 105-க்கும் நடுவுல வந்துச்சு. பழைய டம்ளர் ஒன்னு கூட இல்ல, அதனால 90தான் இருந்துச்சுன்னு நிரூபிக்க வழி இல்ல, மாமா சொல்ற அளவுதான்.

கவிதா ரா

மாமா என்ன சொன்னாரு இதக் கேட்டுட்டு?

நிழல்மரம்

"அவன் நம்பர் இருக்கான்னு பாரு"ன்னாரு. தேடிட்டு இருக்கோம்.

பழைய ரசீது

டம்ளர் விளக்கம் நல்லா இருக்கு, பாலுக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா சக்கரைய முழுசா மூடல, இத விட்டுட்டுப் போக எனக்கு மனசு இல்ல. 90 மில்லிக்கு 8 கிராம் இனிப்பு சரின்னா 103 மில்லிக்கு அதே இனிப்புக்கு 9.16 கிராம் வேணும். 205 டீக்கு 1,877 கிராம். போனது 2,000. இன்னும் 120 கிராம் சொச்சம் நிக்குது. தினமும். பாலும் சக்கரையும் ஒரே விகிதத்துல போகுதுங்கிறத வெச்சுதான் பாய்லர் அண்ணன் தொடங்குனாரு, ஆனா டம்ளர்ல கூடினது பால் மட்டும்னா இனிப்புக்கு வேண்டிய சக்கரை அதே விகிதத்துல கூட வேண்டியதில்லையே, டிகாஷன் கூடவே இல்லையே.

பாய்லர்

நல்ல இடத்துல புடிச்சீங்க. அந்த விகிதம் பொருந்தினது தற்செயல்னுதான் இப்ப எனக்கும் படுது. டம்ளர் வழியாத்தான் போச்சுங்கிறதுல மாத்தம் இல்ல.

120 கிராமுக்கு நான் முதல்ல டம்ளர் அடிய பாப்பேன். சக்கரைய அடியில போட்டு மேல ஊத்தி வேகமா ஆத்தாம குடுத்தா கொஞ்சம் கரையாம அடியிலயே தங்கும். குடிக்கிறவனுக்கு மேல இனிப்பு பத்தாது, இன்னும் அரைக் கரண்டி கேப்பான், கடைசியில அடியில கிடக்குற சக்கரை கழுவுற வாளிக்குள்ள போயிரும். கூட்டம் இருக்கிற நேரத்துல இது நெறைய நடக்கும். திரும்பி வர்ற டம்ளர்ல பத்த எடுத்து அடியப் பாத்தா தெரியும். டீக்கு அரைக் கிராம் சொச்சம் இப்படி போறது ஒன்னும் பெருசில்ல. ஆனா இது என் அனுமானம்தான், அந்தக் கடை இப்ப இல்லாதப்ப பாக்க முடியாது.

பழைய ரசீது

ஒரு டீக்கு அரைக் கிராம்னா 205 டீக்கு 100 கிராம், கிட்ட வருதுதான். ஆனா நான் கணக்கு எழுதினா "விளக்கப்படாதது 120 கிராம்"னுதான் எழுதுவேன். யாரு மேலயும் போட மாட்டேன், இல்லவே இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

நிழல்மரம்

முடிவ மாத்தி எழுதியிருக்கேன். சன்னல், தூக்கு ரெண்டையும் எடுத்துட்டேன். தங்கச்சி கதையில இருக்கா, ஆனா பால் குடிக்க வரல. "பேச்ச குறைச்சுக்கிட்டான்" வரைக்கும் பழசு அப்படியே இருக்கட்டும். அதுக்கு அப்புறம் இப்படி:

---

"அண்ணே, ஒரு நாள் எனக்கு லீவு குடுங்க, நீங்களே அடுப்புல நில்லுங்க"ன்னான் வேலு. வேற எதுவும் சொல்லல.

சுப்பையா மறுநாள் பூரா அவரே டீ போட்டாரு. கல்லாவுல மச்சான உக்கார வெச்சாரு. ராத்திரி நோட்டு எழுதினாரு. கல்லா 198ன்னு சொல்லுச்சு. பால் கவர் இருபத்தொம்பது பிரிச்சிருந்துச்சு. பதினாலரை லிட்டர வகுத்துப் பாத்தாரு, ஒரு டீக்கு 73 மில்லி. பால தொட்டது அவரு கை மட்டும்தான்.

கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு, டிகாஷன் கரண்டிய எடுத்து தண்ணி மொண்டு டம்ளர்ல ஊத்தினாரு. ஒன்னு, ரெண்டு, மூணு. அவரு போட்ட கணக்குப்படி மூணு கரண்டியில அவரு வழக்கமா ஊத்துற கோடு வரைக்கும் நிறையணும். நிறையல. நாலாவது கரண்டியில பாதிய ஊத்தினப்பதான் தண்ணி கோட்டுக்கு வந்துச்சு.

வேலு வீட்டுக்கு அப்பவே போனாரு. கையில அந்த டம்ளரும் கரண்டியும் இருந்துச்சு. வாசல்லயே உக்காந்து அவன் முன்னாடி திரும்ப ஊத்திக் காட்டினாரு. "நான் வாங்கின டம்ளர்டா"ன்னாரு.

"சக்கரை?"ன்னு கேட்டான் வேலு.

"அதுலயும் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் நிக்குது. அது எனக்கு தெரியல. உன்னைய கேக்க மாட்டேன்."

வேலு டம்ளர வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தான். "நாளைக்கு ஒரு கோடு போட்ருவோம்ணே, நெயில் பாலிஷ்ல"ன்னான்.

---

கவிதா ரா

இதுதான் சரியான கதை. "உன்னைய கேக்க மாட்டேன்" அங்க நின்னுட்டேன்.

எண்சுவடி

198 டீ, 73 மில்லி, 14.45 லிட்டர், கவர் இருபத்தொம்பது. சரியா இருக்கு, சரி பாத்துட்டேன். ஆனா சுப்பையா கை வேகமா இருந்தா 73 அப்படியே வராது, 70, 75ன்னு ஆடும். "எழுபது சொச்சம்"னு போடுங்க.

பழைய ரசீது

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. "பெரும்பாலும் இதுதான்"னு சுப்பையா அவ்வளவு சீக்கிரம் சொல்லிற மாட்டாரு, அன்னைக்கு அவரு போட்ட சக்கரைய எடை பாத்திருக்கணும். அவரு கையில 9 கிராம்தான் போச்சு, வேலு கையில 9.8ன்னா அதுவும் ஒரு செய்தி. அந்த எடை வரிய சேத்தா வேலு இன்னும் பத்திரமா இருப்பான், சேக்கலன்னா வாசகன் மனசுல சந்தேகம் ஒட்டிக்கும்.

பாய்லர்

நான் சேக்க வேணாம்பேன். வேலு கூட்ட நேரத்துல நாலு பேருக்கு ஒரே கையில போடுறவன், சுப்பையா ஒரு நாள் நிதானமா போட்டவரு. ரெண்டு கையும் ஒன்னு இல்ல, அந்த எடைய வெச்சு தீர்ப்பு சொன்னா திரும்ப அந்தப் பையன் மேலதான் வந்து விழும். அதுக்கு பதிலா கோடு போடுற இடத்த திருத்துங்க: நெயில் பாலிஷ் டம்ளருக்கு உள்ள வேணாம், வெளிப்பக்கம் போடணும், அதுவும் சாம்பலோ சோப்போ போட்டு தேய்ச்சா பத்து நாள்ல போயிரும். நாங்க ஒரு டம்ளர்ல மட்டும் கோடு போட்டு மாஸ்டர் கண்ணுக்கு நேரா வெச்சிருப்போம், அத பாத்து பாத்தே மத்ததுக்கு கை பழகிரும். பால் ஊத்துறதுக்கும் 60 மில்லிக்கு ஒரு கரண்டி வெச்சா இன்னும் நல்லது, ஆனா அதுல ஊத்தினா நுரை வராது, நுரை இல்லன்னா ஆள் வர மாட்டான்.

நிழல்மரம்

வெளிப்பக்கம்னு மாத்திட்டேன், "எழுபது சொச்சம்"னும் மாத்திட்டேன். சக்கரை எடை வரிய இப்போதைக்கு சேக்கல, ரசீது அண்ணன் சொன்னதயும் பாய்லர் அண்ணன் சொன்னதயும் ரெண்டு நாள் யோசிச்சுட்டு முடிவு பண்றேன். நம்பர் கிடைச்சுது, மாமா நாளைக்கு பேசுறேன்னு சொல்லியிருக்காரு.